தோள் உட்கார்ந்தால் கோட் உங்களுடையது

"ஐயா, இன்னும் 12 நாளில் எனக்கு ஒரு பழைய வங்கியில் நேர்காணல். சூட், டை கட்டாயம் என்று சொல்லிவிட்டார்கள். கையில் இருக்கிற பணத்துக்கு மலிவாக ஒரு புது சூட் வாங்கலாம், ஆனால் சட்டைக்கும் ஷூவுக்கும் ஒன்றும் மிஞ்சாது. மாமா போட்டுக்கொண்டிருந்த அடர்சாம்பல் நிற சூட் ஒன்று பல வருடமாகப் பெட்டியில் இருக்கிறது. தோள் பரவாயில்லை, வயிற்றுப் பக்கம் தொளதொள, கை கட்டைவிரல் வரை வருகிறது. பேண்ட் இடுப்பு அவருக்கு 35, எனக்கு 32. பாச்சா உருண்டை வாசம் வேறு. இதை ஆல்டர் செய்தால் தேறுமா, அல்லது புதிதே வாங்கிவிடவா?"

தம்பி, புதிது வாங்க வேண்டாம். நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் பட்டது "தோள் பரவாயில்லை" என்கிற இரண்டு சொல்தான். முப்பது வருடமாகக் கோட் தைத்தும் பிரித்தும் வருகிறேன். என்னிடம் யார் பழைய கோட்டைக் கொண்டுவந்தாலும் முதலில் தோளைத்தான் பார்ப்பேன். வயிறு, கை, இடுப்பு எல்லாம் நூலைப் பிரித்துத் திரும்பத் தைக்கிற வேலை. தோள் அப்படியில்லை. அதைக் குறைக்க வேண்டுமென்றால் கையைக் கழற்ற வேண்டும், உள்ளே இருக்கும் பேடை வெட்ட வேண்டும், லைனிங்கைப் பிரிக்க வேண்டும், கடைசியில் கையைத் திரும்பச் சுருக்கம் விழாமல் ஏற்ற வேண்டும். புது சூட் விலையில் பாதியைக் கூலியாகவே கேட்பார்கள். அப்படிக் கொடுத்தும் கை ஏறும் இடத்தில் ஒரு குழி விழலாம். தொழிலுக்கு வந்த புதிதில் ஒருவரின் கோட்டுக்கு இந்த வேலையை ஒப்புக்கொண்டு அதைக் கெடுத்துக் கொடுத்தவன் நான். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

எனவே "பரவாயில்லை" என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். கோட்டைப் போட்டு, பட்டனை மாட்டி, கைகளைத் தொங்கவிட்டு நில்லுங்கள். தோள் தையல் உங்கள் தோள் எலும்பு முடியும் இடத்திலேயே முடிய வேண்டும். அப்புறம் ஒரு சுவரின் பக்கவாட்டில் நின்று மெல்லச் சாயுங்கள். உங்கள் மேல்கை சுவரைத் தொடுவதற்கு முன்பே கோட்டின் தோள் பேட் போய் இடித்து மடங்கினால் கோட் பெரிது. கையும் பேடும் சேர்ந்தாற்போல் தொட்டால் சரி. இன்னொன்றையும் பக்கத்தில் இருக்கிற யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள்: பின்கழுத்தில் கோட் காலர் சட்டைக் காலரோடு ஒட்டி இருக்கிறதா, நடுவில் இடைவெளி விட்டு நிற்கிறதா? இடைவெளி இருந்தால் அதைச் சரிசெய்வதும் தோள் வேலை மாதிரி கஷ்டமானதுதான். கோட் நீளத்தையும் பாருங்கள். பின்புறத்தை மூடினால் போதும். அதைவிட இரண்டு விரல் நீளம் என்றால் அப்படியே விடலாம். நாலு விரல் நீளமாக இருந்து அதை வெட்டினால் பாக்கெட் கோட்டின் அடிவிளிம்புக்கு வந்துவிடும், யார் பார்த்தாலும் வெட்டியது தெரியும்.

துணியில் பார்க்க வேண்டியவை இரண்டு. மார்புப் பக்கத்தையும் மடிந்து விழும் காலரையும் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். சின்னச் சின்னக் கொப்புளங்கள் தெரிந்தால், உள்ளே ஒட்டிய கேன்வாஸ் துணியை விட்டுக் கழன்றுவிட்டது என்று அர்த்தம். எத்தனை இஸ்திரி போட்டாலும் அது நிற்காது, அந்தக் கோட்டை மறந்துவிடுங்கள். அடுத்தது முழங்கையும் பேண்ட்டின் உட்காரும் இடமும். அங்கே துணி கண்ணாடி மாதிரி பளபளத்தால் நூல் தேய்ந்திருக்கிறது. லேசான பளபளப்பு என்றால் ஈரத்துணி வைத்து ஆவி காட்டினால் ஓரளவு அடங்கும். தேய்ந்து மெலிந்தே போயிருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. நேர்காணல் அறையின் வெளிச்சத்தில் அது இன்னும் நன்றாகத் தெரியும்.

இந்த இரண்டிலும் தப்பித்துவிட்டால் உங்கள் மாமாவின் சூட் மலிவான புது சூட்டைவிட ஒரு படி மேல். மலிவான சூட்டின் துணி பெரும்பாலும் முழுக்க பாலியஸ்டர். புதிதாக இருக்கும்போதே வெளிச்சத்தில் மினுங்கும், மடிந்து விழும் காலர் அட்டையாக நிற்கும். அதையும் கடையில் மாட்டியிருந்தபடியே போட முடியாது. அதற்கும் கை குறைக்க வேண்டும், பேண்ட் மடிக்க வேண்டும். அந்தக் கூலிக்கு அப்போது உங்களிடம் பணம் இருக்காது. நிறமும் உங்களுக்குச் சாதகம். இந்த மாதிரி வங்கிகளுக்கு அடர்சாம்பலும் அடர்நீலமும்தான் வழக்கமான நிறங்கள்.

பேண்ட் தேறவில்லை, கோட் மட்டும் நன்றாக இருக்கிறது என்றால் "அதே மாதிரி சாம்பலில்" ஒரு பேண்ட் வாங்கிச் சேர்க்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். கடைக்குள் ஒரே நிறமாகத் தெரிந்தது வெளியே பகல் வெளிச்சத்துக்கு வந்ததும் இரண்டு நிறமாகிவிடும். சூட் கிழிந்து பாதி மாற்றியவர் மாதிரி இருக்கும். அதற்குப் பதிலாக யாரிடமாவது முழு சூட்டாகக் கடன் கேட்பது மேல்.

சரி, வேலைக்கு வருவோம். தையல்காரரிடம் போவதற்கு முன்பே சூட்டை டிரை கிளீனிங்குக்குக் கொடுத்துவிடுங்கள். அது கம்பளித் துணியாக இருந்து கொஞ்சம் சுருங்குவதாக இருந்தால், அளவு எடுப்பதற்கு முன்பே சுருங்கிவிடட்டும். வாங்கி வந்ததும் பிளாஸ்டிக் உறையைக் கழற்றி, அகலமான ஹேங்கரில், வெயில் படாமல் காற்று வரும் இடத்தில் தொங்கவிடுங்கள். பாச்சா உருண்டை வாசம் ஒரு நாளில் போகாது, மூன்று நாலு நாள் காற்றாடினால் அடங்கும். அதற்கு மேல் சென்ட் மட்டும் அடிக்க வேண்டாம். இரண்டும் கலந்து வரும் வாசம் தனி வாசத்தைவிட மோசம்.

தையல்காரரிடம் போகும்போது நேர்காணலுக்குப் போடப்போகும் சட்டையையும் ஷூவையும் போட்டுக்கொண்டு போங்கள். டீ-ஷர்ட்டோடு வந்து கோட் கை அளவு கொடுப்பவர்களும், செருப்போடு நின்று பேண்ட் மடிக்கச் சொல்பவர்களும் பாதிப் பேர் திரும்ப வருகிறார்கள். அரை இஞ்ச் வித்தியாசம்தான், ஆனால் அந்த அரை இஞ்ச்தான் கண்ணில் படுகிறது.

முதலில் கோட்டின் வயிற்றுப் பகுதி. இதைப் பக்கத் தையலில் பிடிப்பார்கள். மொத்தமாக இரண்டு இஞ்ச் வரை பிடித்தால் கோட்டின் உருவம் கெடாது. அதற்கு மேல் போனால் பின்பக்க வெட்டு வாய் பிளந்து நிற்கும், பாக்கெட்டுகள் பின்னால் இழுபடும். எவ்வளவு பிடிப்பது என்று தையல்காரர் ஊசி குத்தும்போது நடுப்பட்டனைப் போட்டு நீங்களே பாருங்கள். பட்டனிலிருந்து நாலு பக்கமும் பெருக்கல் குறி மாதிரி சுருக்கம் ஓடினால் அதிகம் இறுக்கிவிட்டார். உள்ளங்கை தாராளமாக உள்ளே போய், மூடிய முஷ்டி கஷ்டப்பட்டுப் போனால் சரியான அளவு. இளைஞர்கள் இறுக்கிப் பிடிக்கச் சொல்வார்கள். வங்கிக்கு அது வேண்டாம், அரை மணி நேரம் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டிய உடம்புக்கும் வேண்டாம்.

அடுத்து கை. கையைத் தொங்கவிட்டால் கோட் கை மணிக்கட்டு எலும்போடு நின்று, சட்டையின் கஃப் அரை இஞ்ச் வெளியே தெரிய வேண்டும். கட்டைவிரல் வரை வருகிறது என்றால் உங்களுக்கு ஒரு இஞ்ச், ஒன்றேகால் இஞ்ச் குறைக்க வேண்டியிருக்கும். குறைப்பதற்கு முன்பு கை நுனியில் இருக்கும் பட்டன்களை உற்றுப் பாருங்கள். பட்டன் சும்மா மேலே தைத்திருந்தால் வேலை சுலபம், பட்டனைக் கழற்றிக் கொஞ்சம் மேலே ஏற்றித் தைத்துவிடலாம். பொய்க்காஜா போட்டிருந்தால் அந்தக் காஜா நூலையும் பிரிக்க வேண்டும், பழைய இடத்தில் லேசாகத் தடம் தெரியலாம். நிஜமாகவே வெட்டித் திறந்த காஜாவாக இருந்தால் நுனியில் இவ்வளவு குறைக்க முடியாது, குறைத்தால் பட்டன் விளிம்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்போது தோள் பக்கமிருந்துதான் குறைக்க வேண்டும், கூலி பல மடங்கு. ஆயத்த சூட்களில் இந்த மூன்றாவது வகை குறைவு. மாமா தைத்துப் போட்டதாக இருந்தால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேண்ட்டில் உங்கள் கணக்கு 35-க்கு 32, மூன்று இஞ்ச். இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். பேண்ட்டை உள்வெளியாகத் திருப்பிப் பாருங்கள். பின்பக்க நடுத்தையலில் இரண்டு பக்கமும் துணி விட்டு, மேலே இடுப்புப் பட்டியையும் நடுவில் பிளந்து சேர்த்திருப்பார்கள். பிறகு கூட்டிக் குறைக்கத்தான் அந்த ஏற்பாடு. அந்த ஒரே தையலில் இரண்டு இஞ்ச் வரை பிடிக்கலாம். மூன்று இஞ்சையும் அங்கேயே பிடித்தால் பின்பாக்கெட் இரண்டும் ஒன்றையொன்று பார்த்து நெருங்கிவிடும். பக்கத் தையல்களில் பிடிக்கலாம் என்றால் முன்பாக்கெட் குறுக்கே வருகிறது, அதையும் பிரித்துக் கட்டக் கூலி இரட்டிப்பாகும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் பின்னால் இரண்டு இஞ்ச் மட்டும் பிடிக்கச் சொல்லிவிட்டு, மிச்சம் ஒரு இஞ்சைப் பெல்ட்டிடம் விட்டுவிடுவேன். நேர்காணலில் கோட்டைக் கழற்றப் போவதில்லை. பெல்ட்டுக்கு அடியில் பின்னால் விழும் இரண்டு சின்னக் கொசுவத்தை யாரும் பார்க்கப் போவதில்லை.

நீளத்தை ஷூவின் மேல் தொட்டு ஒரே ஒரு சின்ன மடிப்பு விழும்படி நிறுத்தச் சொல்லுங்கள். மிச்சத் துணியை வெட்டாமல் உள்ளேயே மடித்துத் தைக்கச் சொல்லுங்கள், மாமா என்றாவது திரும்பக் கேட்கலாம்.

ட்ரையல் பார்க்கும்போது கண்ணாடி முன்னால் நின்றுவிட்டு வந்துவிடாதீர்கள். கடையில் இருக்கும் ஸ்டூலில் உட்காருங்கள். பட்டனைக் கழற்றிவிட்டுக் கையை மேசைக்கு நீட்டுவது போல நீட்டிப் பாருங்கள். அக்குளில் இழுத்தால் அங்கேயே சொல்லுங்கள். முதல் ட்ரையலைச் சில நாள் மீதம் இருக்கும்போதே வைத்துக்கொண்டால் இரண்டாவது முறை திருத்த நேரம் இருக்கும். முந்தின நாள் மாலை வாங்கிக்கொள்கிறேன் என்று மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். எங்கள் தொழிலைப் பற்றி எனக்குத் தெரியும்.

பணத்தை எப்படிப் பிரிப்பது? இருப்பதைப் பத்துப் பங்காக வையுங்கள். டிரை கிளீனிங்குக்கும் ஆல்டரேஷனுக்கும் ஐந்து. சட்டைக்கு மூன்று. ஷூ வேலைக்கும் சாக்ஸுக்கும் மிச்சம் இரண்டு. டை வாங்க வேண்டாம், மாமாவிடமே இருக்கும். அடர்நிறத்தில் வெறுமையாகவோ சின்னப் புள்ளி போட்டோ இருந்தால் போதும், கட்டினால் நுனி பெல்ட் பக்கிளைத் தொட வேண்டும். ரொம்ப அகலமான பழைய டை என்றால் மட்டும் நண்பரிடம் கேளுங்கள்.

சட்டையை மட்டும் புதிதாக வாங்கச் சொல்கிறேன், ஏனென்றால் முகத்துக்குப் பக்கத்தில் இருப்பது அதன் காலர்தான். பழைய வெள்ளைச் சட்டையின் காலரில் மஞ்சள் ஏறிவிட்டால் பெரும்பாலும் துவைத்து எடுக்க முடியாது. வெள்ளை, முழுக்கை, எந்த டிசைனும் வேண்டாம். கழுத்துப் பட்டனைப் போட்டு ஒரு விரல் உள்ளே நுழைய வேண்டும். இரண்டு விரல் நுழைந்தால் டை கட்டும்போது காலர் சுருங்கும், ஒன்றுமே நுழையாவிட்டால் பேசும்போது தொண்டையை இறுக்கும். கோட்டுக்குள் தெரியப்போவது காலரும் கஃப்பும் மார்பில் ஒரு முக்கோணமும்தான், அதனால் விலை கூடிய துணி தேவையில்லை. பாலியஸ்டர் கலந்த காட்டனே உங்களுக்கு நல்லது, பயணத்தில் கசங்காது. வாங்கும்போது ஒற்றைத் துணிக்கு அடியில் கையை வைத்துப் பாருங்கள். விரல் தெளிவாகத் தெரிந்தால் உள்பனியனும் தெரியும். வேறு சட்டை கிடைக்கவில்லை என்றால் உடம்பு நிறத்தில் பனியன் போடுங்கள். வெள்ளைக்கு அடியில் வெள்ளைப் பனியன் அதைவிட அதிகம் தெரியும்.

ஷூவுக்குப் புதிது வாங்க மிச்சம் இருக்காது, தேவையும் இல்லை. கறுப்பு, லேஸ் கட்டுகிற, அலங்காரமில்லாத ஷூ. உங்கள் அளவுக்கு யாரிடமாவது கேட்டு வாங்குங்கள். ஆனால் ஒன்று: வருடக்கணக்காகப் பெட்டியில் இருந்த ஷூ என்றால் அடிப்பாகத்தைச் சோதிக்காமல் போடாதீர்கள். லேசான, ரப்பர் மாதிரி இருக்கும் பாலியூரித்தேன் சோல்கள் போடாமல் வைத்திருந்தாலும் ஈரக்காற்றில் உள்ளுக்குள்ளேயே மக்கிப்போகும். மேலே தோல் புதிது மாதிரி இருக்கும். என்னிடம் சூட் ஆல்டர் செய்துகொண்டுபோன ஒரு பையன், அப்பாவின் அதிகம் போடாத ஷூவைப் போட்டுக்கொண்டு இன்டர்வியூவுக்குக் கிளம்பினான். வழியிலேயே குதிகால் பிட்டுப் பிட்டாக உதிர ஆரம்பித்திருக்கிறது. வரவேற்பறைத் தரையில் கறுப்புத் தூள் கோடு போட்டுக்கொண்டே போனதாகச் சொன்னான். கட்டைவிரல் நகத்தால் சோலின் ஓரத்தை அழுத்திப் பாருங்கள். பள்ளம் விழுந்து திரும்பி வராவிட்டாலோ, தூள் ஒட்டினாலோ, பிசுபிசுத்தாலோ வேண்டாம். தப்பித்த ஷூவாக இருந்தாலும் நேர்காணலுக்கு முன்பு வீட்டைச் சுற்றி ஒரு மணி நேரம் நடந்து பாருங்கள்.

பாலிஷ் போடுவதில் அவசரம் வேண்டாம். லேஸைக் கழற்றி, ஈரத்துணியால் தூசியைத் துடைத்துக் காயவிட்டு, பாலிஷை மெல்லிசாகத் தடவி, பத்து நிமிடம் விட்டு அப்புறம் பிரஷ் போடுங்கள். சோலின் பக்கவாட்டு விளிம்பை மறக்காதீர்கள், பழைய ஷூவைக் காட்டிக்கொடுப்பது அந்த வெளுத்த விளிம்புதான். குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள். புது லேஸ் ஒரு ஜோடி வாங்குங்கள், இருப்பதிலேயே மலிவான மாற்றம் அதுதான். உங்களிடம் இருப்பது அடர் பிரவுன் ஷூ மட்டும்தான், கடன் கிடைக்கவில்லை என்றால் அதையே நன்றாகப் பாலிஷ் போட்டு, அதே நிறப் பெல்ட்டோடு போங்கள். கறுப்புப் பாலிஷைத் தடவிக் கறுப்பாக்கப் பார்க்காதீர்கள், மடங்கும் இடத்தில் பிரவுன் எட்டிப் பார்க்கும். சாக்ஸ் அடர்நிறத்தில், கெண்டைக்கால் வரை இருக்க வேண்டும். உட்கார்ந்து பேண்ட் மேலேறும்போது தோல் தெரியக்கூடாது.

இதே கேள்வியைப் பெண்களும் கேட்டு எழுதுகிறார்கள். கோட் விஷயத்தில் தோளும் கையும் அவர்களுக்கும் இதேதான். பெண்களுக்கான ஆயத்தக் கோட்டுகளில் உள்ளே விடும் துணி பெரும்பாலும் குறைவு, அதனால் சிறிதாக இருப்பதைப் பெரிதாக்கலாம் என்று நம்பி வாங்காமல், தோள் சரியாக இருந்து இடுப்பு சற்றே பெரிதாக இருப்பதை எடுப்பது நல்லது.

முந்தின இரவு கோட்டை ஒரு தடவை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பின்பக்க வெட்டில் பெருக்கல் குறியாகப் போட்ட தற்காலிகத் தையல் இன்னும் இருந்தால் பிரித்துவிடுங்கள். அதோடே பல வருடம் கோட் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆல்டரேஷன் நூல் எங்காவது நீட்டிக்கொண்டிருந்தால் இழுக்காமல் கத்தரியுங்கள். இஸ்திரி போடுவதாக இருந்தால் மேலே ஒரு மெல்லிய ஈரத்துணி விரித்துப் போடுங்கள், நேராகப் பெட்டி பட்டால் துணி மினுங்கிவிடும்.

காலையில் வண்டியில் போகும்போது கோட்டைப் போட்டுக்கொண்டு போகாதீர்கள். ஒரு தோளை உள்வெளியாகத் திருப்பி, மற்றத் தோளை அதற்குள் சொருகி, லைனிங் வெளியே தெரியும்படி நீளவாக்கில் இரண்டாக மடித்துக் கையில் போட்டுக்கொள்ளுங்கள். தூசி பட்டாலும் உள்பக்கம்தான் படும். இறங்கியதும் ஒரு உதறு உதறிப் போட்டுக்கொள்ளலாம். இரண்டு பட்டன் கோட் என்றால் மேலே உள்ளதை மட்டும் மாட்டுங்கள், கீழ்ப் பட்டன் எப்போதும் திறந்துதான் இருக்க வேண்டும். அவர்கள் உட்காரச் சொன்னதும் அந்த மேல் பட்டனையும் கழற்றிவிட்டு உட்காருங்கள்.